அடியில் நெருக்கி, மேலே தளர்த்தி: ஃபெரோசிமெண்ட் தொட்டிக்குக் கம்பி சுற்றும் முறை

படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த முதல் வருடம் ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு கிராமத்துக்கு மழைநீர்த் தொட்டி கட்ட அனுப்பினார்கள். அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. வீட்டுக் கூரையில் விழும் மழையைப் பிடித்து வைத்தால்தான் கோடையில் வாய்க்கு ருசியாகக் குடிக்க முடியும். வீட்டுக்கு ஒன்றாக, இரண்டு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் தண்ணீர் ஆழமும் கொண்ட வட்டத் தொட்டி. கிட்டத்தட்ட 6,280 லிட்டர் பிடிக்கும். கம்பிவலைக் கூட்டின் மேல் சிமெண்ட் சாந்து பூசி எழுப்பும் ஃபெரோசிமெண்ட் தொட்டி, சுவர் ஐந்து சென்டிமீட்டர் கனம்தான்.

படம் நான் போட்டது. வலைக்கூட்டைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் ஜி.ஐ. கம்பி முப்பது சுற்று, அடியிலிருந்து உச்சிவரை ஒரே சீராக ஏழு சென்டிமீட்டர் இடைவெளி. தொட்டி கட்டுவதையே தொழிலாகக் கொண்ட மேஸ்திரி ஒருவர் அந்தப் படத்தை வாங்கி, வேப்பமர நிழலில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, கம்பி கணக்கு சரியா இருக்கு. ஆனா போட்ட இடம் சரியில்லையே. மேல இருக்கிற கம்பிக்கு வேலையே இல்ல. கீழ இருக்கிறது பாவம், அம்புட்டுச் சுமையும் அது தலையில.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, அவர் காட்டித் தந்ததையும் அன்று இருவரும் சேர்ந்து போட்ட கணக்கையும் வேலை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், கம்பி எதைத் தாங்குகிறது?

நான் அன்று சொன்ன பதில் தவறு. “அடிச்சுவர் மேல்சுவரோட பாரத்தைத் தாங்குதுல்லண்ணே, அதனால கீழ நெருக்கணும்ங்கிறீங்களா?” என்றேன். புதியவர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். சுவரின் பாரம் நேர் கீழே இறங்குகிறது. அதைச் சாந்தே தாங்கிக்கொள்ளும், ஐந்து சென்டிமீட்டர் சுவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சுற்றுக்கம்பி தாங்குவது தண்ணீர் சுவரை வெளிப்பக்கம் தள்ளும் தள்ளலை.

தண்ணீரின் தள்ளல் ஆழத்தைப் பொறுத்தது. மேல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் கீழே போனால் சதுர மீட்டருக்கு ஒரு டன், இரண்டு மீட்டர் போனால் இரண்டு டன். மட்டத்தில் ஒன்றுமே இல்லை. அதாவது தள்ளல் மேலிருந்து கீழே படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறது. பக்கவாட்டில் பார்த்தால் உச்சியில் கூர்மையாகவும் அடியில் அகலமாகவும் ஒரு முக்கோணம். என் படமோ முக்கோணச் சுமைக்குச் செவ்வகமாகக் கம்பி போட்டிருந்தது.

மேஸ்திரி இதைக் கணக்காகச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் அடியில் ஒரு ஆணித்துளையும் பாதி உயரத்தில் ஒரு துளையும் போட்டுத் தண்ணீர் நிரப்பினார். “ரெண்டையும் விரலால அடைச்சுப் பாருங்க” என்றார். நடுத்துளையில் விரல் சும்மா நின்றது. அடித்துளையில் தண்ணீர் விரலை முட்டி ஓரமாகப் பீறிட்டது. புத்தகத்தில் பலமுறை போட்ட கணக்குதான், விரல் நுனியில் அன்றுதான் பட்டது.

தள்ளல் எப்படிக் கம்பியில் இழுவையாகிறது?

இங்கே மேஸ்திரிக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்ல முடிந்தது. “அகலத் தொட்டிக்குக் கம்பி கூடப் போடணும்னு தெரியும் தம்பி, ஏன்னு தெரியாது. ஆழம் ஒண்ணுதான்னா தள்ளலும் ஒண்ணுதானே?” என்று கேட்டார். தள்ளல் ஒன்றேதான். ஆனால் கம்பியின் மேல் விழும் இழுவை ஒன்றல்ல.

தொட்டியின் அடியிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு வளையத்தை மட்டும் அறுத்து எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வளையத்தை இளநீரைப் பிளப்பதுபோல் இரண்டாகப் பிளந்தால், ஒரு பாதியைத் தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது? குறுக்கே இரண்டு மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம், சதுர மீட்டருக்கு இரண்டு டன். பெருக்கினால் 400 கிலோ. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டிருப்பது பிளந்த இரண்டு முனையிலும் உள்ள கம்பிகள்தான். ஆளுக்குப் பாதியாக, ஒவ்வொரு முனையிலும் 200 கிலோ. தொட்டி மூன்று மீட்டர் அகலம் என்றால் இதே வளையத்தில் முனைக்கு 300 கிலோ வரும். மேஸ்திரி தலையை ஆட்டி, “இப்பத்தான் ரெண்டும் ஒட்டுது” என்றார்.

அடுத்து, ஒரு கம்பி எவ்வளவு இழுக்கும்? மூன்று மில்லிமீட்டர் கம்பி அறுபட 250 கிலோவுக்கு மேல் வேண்டும். ஆனால் நாம் 100 கிலோவோடு நிறுத்திக்கொள்கிறோம். அறுபடுவது இங்கே பிரச்சினை இல்லை. கம்பி அறுவதற்கு வெகு முன்பே கொஞ்சம் நீளும். அது நீளும்போது கூடவே நீள முடியாத சாந்து விரிசல் விடும். இழுவையைக் குறைத்து வைத்தால் விரிசல் விழுந்தாலும் மயிரிழையாக நின்றுவிடும், தண்ணீர் கசியாது. வலையும் கொஞ்சம் இழுக்கும், அதைக் கணக்கில் சேர்க்காமல் கையிருப்பாக விட்டுவிடுகிறோம்.

மூன்று மில்லிமீட்டர் கம்பிக்கு இவ்வளவையும் ஒரே வரியில் அடக்கலாம். ஆழமும் ஆரமும் மீட்டரில், விடை சென்டிமீட்டரில்:

இடைவெளி = 10 ÷ (ஆழம் × ஆரம்)

இந்த ஆழம் என்பது தண்ணீர் மட்டத்திலிருந்து அளப்பது, தரையிலிருந்து அல்ல. நம் தொட்டிக்கு ஆரம் ஒரு மீட்டர் என்பதால் வேலை இன்னும் சுலபம். பத்தை ஆழத்தால் வகுத்தால் போதும். இரண்டு மீட்டர் ஆழத்தில் 5 சென்டிமீட்டர், 1.4 மீட்டரில் 7, ஒரு மீட்டரில் 10, அரை மீட்டரில் 20. என் பழைய படத்தை இதில் வைத்துப் பார்த்தேன். ஏழு சென்டிமீட்டர் இடைவெளியில் அடிச்சுற்றின் மேல் 140 கிலோ. தண்ணீர் மட்டத்திலிருந்து அரை மீட்டர் ஆழத்தில் இருக்கும் சுற்றின் மேல் 35 கிலோ.

சுற்றுகளைப் பிரிப்பது

ஒவ்வொரு சுற்றுக்கும் தனி இடைவெளி வைத்தால் தளத்தில் யாரும் பின்பற்ற முடியாது. மூன்று பகுதியாகப் பிரித்தோம். சுவர் 2.1 மீட்டர், வழிந்தோடும் குழாய் இரண்டு மீட்டரில். அடியிலிருந்து 60 சென்டிமீட்டர் வரை ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று, பன்னிரண்டு சுற்று. அடுத்த 60-க்கு ஏழு சென்டிமீட்டர், ஒன்பது சுற்று. மிச்சம் 90-க்குப் பத்து சென்டிமீட்டர், அதுவும் ஒன்பது. ஒவ்வொரு பகுதியிலும் அதன் அடிமட்டத்து ஆழத்தை வைத்தே இடைவெளி எடுக்க வேண்டும், நடுமட்டத்தை வைத்தல்ல.

கூட்டிப் பாருங்கள், முப்பது சுற்று. நான் முதலில் போட்ட அதே முப்பதுதான், கிட்டத்தட்ட 190 மீட்டர், பதினோரு கிலோ கம்பி. ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் அடிச்சுற்றின் இழுவை 140-லிருந்து 100 கிலோவுக்கு இறங்கிவிட்டது.

“கணக்குப்படி உச்சியில இருபது சென்டிமீட்டரே போதுமேண்ணே, ஏன் பத்து?” என்று கேட்டேன். “அங்க தண்ணி தள்ளாது, வெயில் தள்ளும்” என்றார். சாந்து உலரும்போது சுருங்கும், வெயிலில் விரியும், இரவில் குளிர்ந்து மறுபடி சுருங்கும். அந்த விரிசலை அடக்க மேலேயும் கம்பி தேவை, ஆகவே பத்துக்கு மேல் போக வேண்டாம். விளிம்பில் குடமும் ஏணியும் இடிக்கும் என்பதால் அங்கே ஆறு மில்லிமீட்டர் கம்பி ஒரு சுற்று தனியாகக் கட்டினார்.

வெட்டுக் குச்சி

வேலை நடக்கும்போது யாரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. மேஸ்திரி ஒரு ரீப்பர் கட்டையை எடுத்து, சுவர் உயரத்துக்கு அறுத்து, கம்பி வர வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் அரத்தால் ஒரு வெட்டு போட்டார். அடியில் வெட்டுகள் சீப்புப் பல்லாக நெருங்கி, மேலே போகப் போக விலகின. கட்டையைக் கூட்டில் சாய்த்து வைத்தால் கம்பி எங்கே போக வேண்டும் என்பது கண்ணை மூடிக்கொண்டும் தெரியும், கட்டைவிரலால் தடவினாலே போதும்.

அந்தக் கட்டையின் அடிமுனையை மட்டும் அவர் சாய்வாகச் சீவிவிட்டார். முன்பு ஒரு வேலையில் கையாள் ஒருவர் கட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டாராம். நெருக்கம் எல்லாம் மேலே, அகல இடைவெளி எல்லாம் அடியில். பூசுவதற்கு முன் கவனித்ததால் கம்பியைப் பிரித்து மறுபடி சுற்றினார்கள். பூசிவிட்டால் வெளியே இருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பூச்சுக்கு முன்னால் சுற்றுகளை எண்ணிப் படம் எடுத்து வைப்பதை அன்றிலிருந்து நான் ஒரு வேலையிலும் விட்டதில்லை.

கம்பியை நீட்டுவது, சுற்றுவது, முடிவது

கடையிலிருந்து வரும் கம்பி வளையமாகச் சுருண்டிருக்கும். அப்படியே சுற்றினால் நெளிவு நெளிவாக நிற்கும். நெளிந்த கம்பி தண்ணீரைத் தாங்காது. நெளிவு நிமிரும் வரை அது சும்மாதான் இருக்கும், அதற்குள் சுவர் நகர்ந்து விரிசல் விட்டுவிடும். ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டி, இருபது முப்பது மீட்டருக்கு இழுத்துச்சென்று, மறுமுனையில் கடப்பாரையைச் சொருகி இரண்டு பேர் சாய்ந்து இழுத்தோம். கம்பி ‘டிங்’ என்று ஒலித்து நேரானது. அந்த ஒலி வரும்வரை இழுக்க வேண்டும்.

கூடு நிற்பது பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் மேல். வெல்டுமெஷ் வலையை வட்டமாக நிறுத்தி, தளத்திலிருந்து எல் வடிவில் வளைந்து எழும் கம்பிகளோடு கட்டுக்கம்பியால் பிணைக்க வேண்டும். பிறகு அடியில் தொடங்கி, ஏணியில் ஏறுவதுபோல் ஒரே தொடர்ச்சியாகச் சுற்றிக்கொண்டே மேலே போக வேண்டும். தனித்தனி வளையமாக வெட்டிப் போடுவதைவிட இது மேல். வளையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூட்டு வரும், மூட்டுதான் பலவீனம். நெட்டுக்கம்பி இரண்டுக்கு ஒரு தடவை கட்டுக்கம்பி முடிச்சு.

கம்பி தீர்ந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் குறைந்தது முப்பது சென்டிமீட்டர் மேலேறிப் படுக்க வேண்டும், இரண்டு முனையும் கொக்கியாக மடங்க வேண்டும். இந்த மூட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் வரவே கூடாது. மேஸ்திரி என்னை வேறோர் ஊருக்கு அழைத்துப்போய் ஒரு பழைய தொட்டியைக் காட்டினார். தனித்தனி வளையமாகப் போட்டு, கட்டியவர் வசதிக்காக எல்லா மூட்டையும் வாசல் பக்கமே வைத்திருந்தார். அதே கோட்டில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொடங்கி இடுப்பு வரை ஒரு செங்குத்து விரிசல், ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து.

சுற்றி முடித்ததும் உள்ளேயும் வெளியேயும் கோழிவலை போர்த்தி, ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சலித்த ஆற்றுமணல் கலந்து பூச வேண்டும். கடல்மணல் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பு கம்பியை அரித்துவிடும். தண்ணீர் அதிகம் விட்ட சாந்து பூசச் சுலபம், ஆனால் கசியும். உப்புக்காற்று அடிக்கிற ஊர் என்பதால் சுற்றுக்கம்பிக்கு வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் சாந்தாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

அடிமூலை விவகாரம்

இதில்தான் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. “அண்ணே, ஒரு சந்தேகம். சுவரோட அடி தளத்தோட ஒட்டியிருக்கு. அது வெளிய நகரவே முடியாது. நகராட்டிச் சுற்றுக்கம்பிக்கு இழுவை வராதே. அப்போ கடைசி நாலஞ்சு சுற்றுக்கு வேலையே இல்லையே?” என்றேன். புத்தகப்படி இது சரிதான். தளத்தோடு இறுகப் பிணைந்த சுவரில் இழுவை அதிகமாவது அடியிலேயே அல்ல, அடிக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவு மெல்லிய சுவரில் அந்தப் பிடிமானம் முப்பது நாற்பது சென்டிமீட்டருக்குள் தீர்ந்துபோகும்.

மேஸ்திரி கொஞ்சம் யோசித்துவிட்டு, “தளத்தை முந்தாநாள் போட்டோம், சுவரை இன்னைக்குப் பூசுறோம். ரெண்டும் ஒண்ணா ஒட்டியிருக்குன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா?” என்று கேட்டார். என்னால் முடியவில்லை. அந்த மூட்டு லேசாக விட்டுக்கொடுத்தால் சுவரடி நகரும், அப்போது முழு இழுவையும் அடிச்சுற்றுகளுக்கே வரும். மூட்டு விடாவிட்டால் சுவரடி நெட்டாக வளையப் பார்க்கும், அதைத் தாங்குவது சுற்றுக்கம்பி அல்ல, எழுந்து நிற்கும் எல் கம்பி. இரண்டில் எது நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் இரண்டுக்கும் சேர்த்துச் செய்கிறோம்: நெருக்கச் சுற்று தரைவரை போகும், எல் கம்பியும் நாற்பது சென்டிமீட்டர் உயரம் எழும். உள்மூலையில் உள்ளங்கை படிகிற அளவுக்கு வளைவாகச் சாந்து வைத்துத் தேய்த்துவிட வேண்டும்.

பிறகு கசிவு வந்தால் எது என்று விரிசலின் திசையே சொல்லிவிடும். சுவரின் கீழ்ப்பாதியில் செங்குத்தாக வந்தால் சுற்றுக்கம்பி போதவில்லை, அல்லது மூட்டு வழுக்கியிருக்கிறது. தரையை ஒட்டிப் படுக்கையாக வந்தால் அடிமூலைப் பிடிப்பு விட்டிருக்கிறது. சுவர் முழுக்கச் சிலந்தி வலைபோல் வந்தால் ஈரம் காயவிட்டதால் வந்த சுருக்கம். மயிரிழை விரிசல் வெள்ளையாகப் பூத்துத் தானே அடைத்துக்கொள்வதும் உண்டு. இரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

நிரப்புவது

பூசிய நாளிலிருந்து பதினான்கு நாள் நனைந்த சாக்கு சுவரைவிட்டு விலகக் கூடாது. மதிய வெயிலில் ஒருநாள் காய்ந்தாலும் சாந்து சுருங்கிவிடும். பிறகு பாதி ஆழத்துக்கு நிரப்பி ஒருநாள் விட்டோம். பாதி ஆழத்தில் அடிச்சுற்றின் இழுவையும் பாதிதான், ஐம்பது கிலோ. வெளிச்சுவரை மேஸ்திரி உள்ளங்கையால் ஒரு சுற்று தடவிவந்தார், ஈரம் இல்லை. மறுநாள் வழியும் மட்டம் வரை ஏற்றினோம். அடியிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் ஒரு இடம் மட்டும் வேர்த்திருந்தது. சாக்பீஸால் ஓரத்தைக் கோடிட்டு வைத்தோம். நான்காம் நாள் ஈரம் கோட்டுக்குள் சுருங்கி, பிறகு காய்ந்துவிட்டது.

தொட்டி நிரம்பி வழிந்ததைப் பார்த்த வீட்டுக்கார அக்கா, “இம்புட்டுத் தண்ணி வீணாப் போகுதே, மேல ஒரு அடி ஏத்திக் கட்டிக் குழாயையும் தூக்கி வச்சிருங்க தம்பி” என்றார். நியாயமான ஆசை. நான் மேஸ்திரியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். கையில் இருந்த காகிதத்தில் பத்தை 2.3-ஆல் வகுத்தேன். அடியில் 4.3 சென்டிமீட்டர் வேண்டும், பூச்சுக்குள்ளே இருப்பது ஐந்து. அக்கா கேட்டது உச்சியில் ஒரு அடி. கம்பி போதாமல் போவதோ தரையோரத்தில், இனி கை வைக்க முடியாத இடத்தில்.

“ஏத்த வேண்டாந்தாயி” என்றார் மேஸ்திரி. “வழியிற தண்ணிக்குப் பக்கத்துல சின்னதா இன்னொண்ணு கட்டித் தாறேன். ஒரு மீட்டர் ஆழம் போதும்.” அன்று சாயங்காலமே ரீப்பர் கட்டை ஒன்றை அறுத்து வைத்துக்கொண்டு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு அடியில் எத்தனை சென்டிமீட்டர் என்று என்னைக் கேட்டார். ஆரம் எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்டேன்.